62 லட்சம் எப்படி 41 லட்சம் ஆனது: ஒரு மாவு நிறுவனத்தின் முதலீட்டாளர் கடிதம்

கோயம்புத்தூரை ஒட்டிய ஓர் ஊரில் இட்லி, தோசை மாவு அரைத்துப் பாக்கெட் போட்டுக் கடைகளுக்குக் கொடுக்கும் சிறு நிறுவனம் அது. நடத்துபவர் ஒரு பெண். ஐந்து ஏஞ்சல் முதலீட்டாளர்கள் பணம் போட்டிருக்கிறார்கள். நான்கு பேர் இங்கே, ஒருவர் சிங்கப்பூரில். ஒவ்வொரு காலாண்டும் முடிந்து ஒரு மாதத்துக்குள் நிறுவனத்தின் நிலையை அவர்களுக்கு ஆங்கிலத்தில் எழுதி அனுப்ப வேண்டும் என்பது ஒப்பந்தம். 2025 ஏப்ரல் முதல் ஜூன் வரையிலான காலாண்டுக்கு அந்தக் கடிதத்தை எழுத அவருக்கு உதவினேன். நிறுவனம் இன்னதென்று தெரியாமலிருக்க எண்களை மாற்றி, கணக்குப் பார்க்க வசதியாக முழு எண்களாக்கியிருக்கிறேன். ஒரு எண்ணுக்கும் இன்னொன்றுக்கும் உள்ள உறவு மட்டும் நடந்தபடியே இருக்கிறது.

அவர் அனுப்பியது டைரியின் ஒரு பக்கத்தைப் போனில் எடுத்த படம். அதில் இருந்தது இவ்வளவுதான்:

"மூணு மாசத்துல விற்பனை 62 லட்சம். போன தடவைக்கு 30% கூட. ரிட்டர்ன் கொஞ்சம் இருக்கு, வெயில். லாபம் பாக்கெட்டுக்கு 40%. 340 கடை. கையில 31 லட்சம், ஏறக்குறைய ஒரு வருஷம் ஓடும். சூப்பர் மார்க்கெட் விஷயம் முடிஞ்ச மாதிரிதான்."

இந்தப் பக்கத்தை ஐ.டி. வேலையில் இருக்கும் உறவினர் ஒருவர் ஏற்கெனவே ஆங்கிலமாக்கிக் கொடுத்திருந்தார். இலக்கணப் பிழை ஒன்றுகூட இல்லை. மகிழ்ச்சியோடு தெரிவிக்கிறோம் என்று தொடங்கி, வலுவான வளர்ச்சி, ஆரோக்கியமான கையிருப்பு என்று போய், பருவநிலை காரணமாகச் சிறிய சவால்கள் என்று முடிந்தது. டைரியில் "கொஞ்சம்" என்று இருந்தது அங்கே "சிறிய" ஆகியிருந்தது. "முடிஞ்ச மாதிரிதான்" என்பது கிட்டத்தட்ட உறுதியான ஒப்பந்தமாகிவிட்டது. இரண்டுமே எண் கேட்க வேண்டிய இடங்கள். டைரியில் அவர் தமக்குத்தாமே எழுதிக்கொண்ட குறிப்பு அது. "கொஞ்சம்" என்றால் எவ்வளவு என்பது அவருக்குத் தெரியும். சிங்கப்பூரில் இருப்பவருக்கு எப்படித் தெரியும்?

அதனால் ஆங்கிலத்தை ஓரமாக வைத்துவிட்டு, டைரியில் இருந்த ஒவ்வொரு எண்ணையும் எடுத்து இது எங்கிருந்து வந்தது என்று கேட்டேன்.

முதலில் அந்த 62 லட்சம். "வண்டியில ஏத்துன பாக்கெட்டுங்க அண்ணா, ஒரு லட்சம். எம்.ஆர்.பி. 62 ரூபாய்" என்றார். அதாவது ஆலையிலிருந்து கிளம்பிய பாக்கெட்டுகளை, கடையில் வாடிக்கையாளர் கொடுக்கும் விலையால் பெருக்கியிருக்கிறார். ஊரில் யாராவது வியாபாரம் எப்படி என்று கேட்டால் இப்படிச் சொல்வது வழக்கம்தான். ஆனால் 62 ரூபாயும் நிறுவனத்துக்கு வருவதில்லை. கடைக்காரருக்கு அவர் போடும் பில் 50 ரூபாய் 40 காசு. அதில் 2 ரூபாய் 40 காசு ஜி.எஸ்.டி.; மாவுக்கு 5%. அந்தப் பணம் அரசுக்குப் போகவேண்டியது, நிறுவனத்தின் வழியாகக் கடந்துபோகிறது, அவ்வளவே. ஆக ஒரு பாக்கெட்டில் நிறுவனத்தின் வருமானம் 48 ரூபாய். ஒரு லட்சம் பாக்கெட்டுக்கு 48 லட்சம்.

அதுவும் முழுதாக நிற்கவில்லை. இந்தத் தொழிலில் விற்காத மாவைக் கடைக்காரர் திருப்பிக் கொடுத்துவிடுவார். காலையில் வரும் வண்டி புதுசைக் கொடுத்துப் பழசை எடுத்துக்கொள்ளும், அன்றைய பில்லில் கழித்துக்கொள்ளும். கணக்கியல் தரம் ஏ.எஸ். 9 இந்த இடத்தில் தெளிவாக இருக்கிறது: பொருளின் நஷ்ட அபாயம் வாங்கியவர் கைக்கு மாறினால்தான் அது விற்பனை. திரும்பி வரக்கூடிய பாக்கெட், கடையின் ஃபிரிட்ஜில் இருக்கும்வரை, மாவுக்காரரின் பாக்கெட்தான். ரிட்டர்ன் எத்தனை என்று கேட்டேன். வண்டிக்காரர்களின் நோட்டுகளைக் கூட்டிப் பார்த்ததில் 14,000 வந்தது. மீதி 86,000 பாக்கெட், தலா 48 ரூபாய்: 41 லட்சத்து 28 ஆயிரம்.

இந்த எண்ணை நம்பலாமா என்று பார்க்க வேறு வழியிலும் போனோம். டாலி கணக்கு மென்பொருளில் அதே மூன்று மாதத்துக்கு, வரி நீங்கலாக, பதிவான விற்பனையை எடுத்தோம். சில ஆயிரம் ரூபாய்தான் வித்தியாசம். ஜூன் 30 இரவில் ஏறி ஜூலை 1 தேதியில் பில்லான ஒரு வண்டியால் வந்தது அது. பாக்கெட்டை எண்ணிப் போனாலும், பில்லைக் கூட்டிப் போனாலும் ஒரே இடத்தில் வந்து நின்றது. ஆடிட்டர் அலுவலகத்தில் சரியான எண் அத்தனை நாளும் இருந்திருக்கிறது. நிறுவனர் மனதில் ஓடிய எண் வேறு. முதலீட்டாளருக்குப் போகவிருந்ததும் அதுவே.

62 லட்சம் 41 ஆனதும் அவர் முகம் சுருங்கிவிட்டது. "இப்படி எழுதுனா ஏமாத்திட்டேன்னு நினைக்க மாட்டாங்களா?" என்று கேட்டார். நியாயமான பயம்தான், ஏனென்றால் முந்தைய கடிதத்திலும் எம்.ஆர்.பி. கணக்குதான் போயிருந்தது. ஆகவே முந்தைய காலாண்டையும் அதே முறையில் திரும்பப் போட்டோம். ஜனவரி முதல் மார்ச் வரை 77,000 பாக்கெட் கிளம்பி 5,400 திரும்பியிருந்தது. வருமானம் 34 லட்சத்து 37 ஆயிரம். இரண்டையும் ஒரே அளவுகோலில் வைத்தபோது வளர்ச்சி 20%. அவர் சொன்ன 30% கிளம்பிய பாக்கெட்டுகளின் வளர்ச்சி. அதுவும் பொய்யில்லை, ஆனால் வருமானத்தின் வளர்ச்சி இல்லை. கணக்கு முறையை மாற்றினால் பழைய எண்ணையும் மாற்றிப் பக்கத்தில் வைப்பதும், மாற்றியிருக்கிறோம் என்று ஒரு வரி எழுதுவதும் கட்டாயம். இல்லாவிட்டால் படிப்பவர் பழைய கடிதத்தைத் திறந்து பார்த்து, விற்பனை குறைந்துவிட்டது என்று நினைத்துக்கொள்வார்.

அடுத்தது அந்த 40%. அரிசி, உளுந்து, வெந்தயம், கவர், கரண்ட், அரைக்கிற கூலி எல்லாம் சேர்த்துப் பாக்கெட்டுக்கு 29 ரூபாய் ஆகிறது. 48இல் 29 போனால் 19. அது கிட்டத்தட்ட 40%. திரும்பி வராத ஒரு பாக்கெட்டுக்கு இது சரி. ஆனால் திரும்பி வந்த 14,000 பாக்கெட்டுக்கும் அரிசி ஊறியிருக்கிறது, உளுந்து அரைபட்டிருக்கிறது. செலவு ஒரு லட்சம் பாக்கெட்டுக்கு, 29 லட்சம். வரவு 86,000 பாக்கெட்டுக்கு. மிஞ்சுவது 12 லட்சத்து 28 ஆயிரம், வருமானத்தில் 29.7%.

இங்கேதான் இருவரும் கொஞ்ச நேரம் நின்றுவிட்டோம். ஜனவரி காலாண்டில் இதே மொத்த லாபம் 12 லட்சத்து 4 ஆயிரம். இப்போது 12 லட்சத்து 28 ஆயிரம். 23,000 பாக்கெட் கூடுதலாக அரைத்து, வண்டியில் ஏற்றி, கடை கடையாக இறக்கியதற்குக் கிடைத்த கூடுதல் மொத்த லாபம் 24 ஆயிரம் ரூபாய். அந்த மூன்று மாதமும் ராத்திரி ஷிப்ட் போட்டு உழைத்தவர் அவர். விற்பனை ஏறுகிறதே, பணம் ஏன் இறுக்குகிறது என்று யோசித்துக்கொண்டே இருந்ததாகச் சொன்னார். காரணம் டைரியில் "ரிட்டர்ன் கொஞ்சம் இருக்கு" என்ற அந்த ஒரு வரிக்குள் இருந்தது. ரிட்டர்ன் 7 சதவீதத்திலிருந்து 14 ஆகியிருந்தது.

வெயில் என்று அவர் எழுதியதில் பாதி உண்மை. கோடையில் மாவு சீக்கிரம் புளிக்கும், பாக்கெட் உப்பும், வாங்குபவர் எடுத்துப் பார்த்துவிட்டு வைத்துவிடுவார். ஆனால் எல்லாக் கடைக்கும் ஒரே வெயில்தானே? வண்டி நோட்டுகளைக் கடைவாரியாகப் பிரிக்கச் சொன்னேன். 14,000 ரிட்டர்னில் 9,800 வெறும் 64 கடைகளிலிருந்து வந்திருந்தது. ஏன் என்பது கம்ப்யூட்டரில் இல்லை, வண்டி ஓட்டும் தம்பியிடம் இருந்தது. "அக்கா, அந்தக் கடைங்கள்ல ராத்திரி ஃபிரிட்ஜை அமத்திட்டுத்தான் ஷட்டர் போடுவாங்க. காலைல கதவைத் திறந்தா உள்ள வெளிய ஒரே சூடு. கூல்டிரிங்க்ஸுக்கு ஒண்ணும் ஆகாது, நம்ம மாவு பொங்கிடும்" என்றார். கரண்ட் பில்லுக்குப் பயந்து சிறு கடைகள் இப்படிச் செய்வது இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குப் பழகிய விஷயம். மார்கழி, தை குளிரில் அது தெரியாமல் போயிருக்கிறது. சித்திரையில் பாக்கெட் பாக்கெட்டாகத் திரும்பிவிட்டது.

ஆக, கடிதத்தில் சொல்லவேண்டிய முக்கியச் செய்தி கிடைத்துவிட்டது. பருவநிலைச் சவால் என்று எழுதியிருந்தால் முதலீட்டாளர் தலையாட்டிவிட்டுப் போயிருப்பார். 64 கடை, அணைத்த ஃபிரிட்ஜ் என்று எழுதினால் அவருக்கு யோசிக்க ஒரு பிடி கிடைக்கிறது.

கையிருப்பு விஷயம் இதைவிடக் கனமானது. "கையில 31 லட்சம்" என்பதைப் பிரித்தபோது மூன்று துண்டாக வந்தது. வங்கியில் 19 லட்சத்து 60 ஆயிரம். கடைகள் தரவேண்டிய பாக்கி 4 லட்சத்து 40 ஆயிரம். மீதி 7 லட்சம் அரசு மானியம்.

இந்த மானியத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் உணவுத் தொழிலில் இருக்கும் நிறைய பேர் இதைக் கையிருப்பாக எண்ணுகிறார்கள். 2020இல் வந்த பிரதமரின் குறு உணவுப் பதப்படுத்தும் நிறுவனங்களுக்கான திட்டத்தில், பி.எம்.எஃப்.எம்.இ. என்பார்கள், தகுதியான திட்டச் செலவில் 35%, அதிகபட்சம் 10 லட்சம் ரூபாய் மானியம் உண்டு. இவர் 20 லட்சத்துக்கு கிரைண்டரும் குளிரறையும் போட்டு, 7 லட்சம் வாங்கியிருந்தார். ஆனால் அது கடனோடு ஒட்டிய மானியம். பணம் கடன் கொடுத்த வங்கியில் தனிக் கணக்கில் வந்து உட்கார்ந்திருக்கும். மூன்று வருடம் கடன் ஒழுங்காகக் கட்டப்பட்டு, ஆலையும் ஓடிக்கொண்டிருந்தால்தான் கடனில் கழிக்கப்படும். ஸ்டேட்மென்டில் பெயருக்கு நேரே தெரியும்; அதை எடுத்து ஒரு மூட்டை அரிசிகூட வாங்க முடியாது. கடைப் பாக்கியும் வந்தால்தான் பணம். எனவே செலவழிக்கக்கூடிய கையிருப்பு 19.6 லட்சம் மட்டுமே.

எத்தனை மாதம் ஓடும் என்பதற்கு அவர் 31 லட்சத்தை மாத நஷ்டத்தால் வகுத்திருந்தார். சம்பளம், வண்டி, வாடகை, வட்டி எல்லாம் அந்தக் காலாண்டில் 21 லட்சத்து 40 ஆயிரம். மொத்த லாபம் போக நஷ்டம் 9 லட்சத்து 12 ஆயிரம். மாதத்துக்கு 3 லட்சம் சொச்சம். அப்படி வகுத்தால் பத்து மாதம் வரும். நஷ்டத்தை வைத்து இந்தக் கணக்கைப் போடக்கூடாது. கடனின் அசல் தவணை நஷ்டக் கணக்கில் வராது, ஆனால் வங்கியிலிருந்து போய்விடும். கடைப் பாக்கி கூடினால் அந்தப் பணமும் வெளியே மாட்டிக்கொள்ளும். நேர்வழி ஒன்றுதான்: ஏப்ரல் 1 காலையில் வங்கியில் எவ்வளவு, ஜூன் 30 இரவில் எவ்வளவு. 30.4 லட்சம் 19.6 ஆகியிருந்தது. இடையில் புது முதலீடோ கடனோ வரவில்லை. மூன்று மாதத்தில் 10.8, மாதம் 3.6 லட்சம். 19.6ஐ 3.6ஆல் வகுத்தால் ஐந்தரை வராது, ஐந்து மாதம் தாண்டும். கடிதத்தில் ஐந்து என்றே போட்டோம். பணம் எத்தனை மாதம் வரும் என்ற எண்ணை மேலே முழுமையாக்குவது ஆபத்து. கீழே முழுமையாக்கினால் யாருக்கும் கெடுதலில்லை.

ஒரு வருடம் என்று நம்பியிருந்தவருக்கு ஐந்து மாதம். இந்த இடத்தில் கடிதம் எழுதுவதை நிறுத்திவிட்டு இரண்டு நாள் அவர் செலவுகளைப் பார்க்கட்டும் என்று விட்டேன். கெட்ட செய்தியைத் தாமே தெரிந்துகொண்ட அன்றே எழுதினால், ஒன்று மன்னிப்புக் கடிதமாகும், அல்லது அவசரத் திட்டங்களாக நிரம்பும். இரண்டும் முதலீட்டாளருக்கு உதவாது.

கடைகளின் எண்ணிக்கையும் சூப்பர் மார்க்கெட்டும் சீக்கிரம் முடிந்தன. 340 என்பது இதுவரை ஒருமுறையாவது வாங்கிய கடைகள். ஜூன் மாதத்தில் வாங்கியவை 238. அதையே எழுதினோம், ஜூனில் வாங்கியவை என்ற விளக்கத்தோடு. சூப்பர் மார்க்கெட் விஷயத்தில் மாதிரிப் பாக்கெட் கொடுத்தாயிற்று, வாங்கும் பிரிவு மேலாளருக்குப் பிடித்திருக்கிறது, பர்ச்சேஸ் ஆர்டர் வரவில்லை. அந்த மூன்றையும் அப்படியே எழுதி, வருமானக் கணிப்பில் சேர்க்கவில்லை என்றும் குறிப்பிட்டோம். ஆர்டர் வந்தபிறகு சொன்னால் அதற்கு மதிப்பு கூடும்.

பிறகுதான் ஆங்கிலத்துக்கு வந்தோம். எண்கள் நேரானதும் மொழி தானாகவே சுருங்கிவிட்டது. கடிதத்தின் தலைப்பகுதி இது:

```
April–June 2025 (Jan–Mar 2025)
Net revenue: ₹41.28 lakh (₹34.37 lakh), +20%
Gross margin: 29.7% (35.0%)
Returns: 14% of packets (7%)
Shops billed in June: 238
Cash in bank, 30 June: ₹19.6 lakh
Average cash burn: ₹3.6 lakh/month
Runway: 5 months
```

முதல் வரியில் மாதங்களின் பெயரை எழுதியதற்குக் காரணம் உண்டு. நமக்கு ஏப்ரல் முதல் ஜூன் வரை முதல் காலாண்டு. ஜனவரியில் வருடம் தொடங்கும் நாட்டில் இருப்பவருக்கு அது இரண்டாவது. க்யூ1 என்று போட்டால் சிங்கப்பூர்க்காரர் வேறு மூன்று மாதத்தை நினைப்பார். லட்சத்தை அவருக்காக மில்லியனாக மாற்றவில்லை, பெரும்பாலானோர் இங்கிருப்பதால். ஒரு லட்சம் என்பது நூறாயிரம் என்று அடியில் ஒரு குறிப்பு மட்டும். ஒரே கடிதத்தில் லட்சமும் மில்லியனும் கலந்தால் பூஜ்ஜியம் எங்காவது காணாமல் போகும்.

எண்களுக்குக் கீழே நான்கு பத்திகள்தான். டைரித் தமிழில் "பண்ணிடலாம்", "பார்த்துக்கலாம்" என்று ஆளும் தேதியும் இல்லாமல் இருந்தவற்றுக்கெல்லாம் ஆளும் தேதியும் கேட்டு வாங்கினேன். ரிட்டர்ன் பத்தியின் முதல் வாக்கியம் ரிட்டர்ன்ஸ் டபுள்டு டு ஃபோர்டீன் பெர்சென்ட் என்று ஐந்தே சொல். அடுத்த வாக்கியத்தில் 64 கடைகளும் அணைக்கப்படும் ஃபிரிட்ஜும். மூன்றாவதில், அவற்றில் 41 கடைகளுக்கு ஜூலை 7 முதல் மாவு கொடுப்பதை நிறுத்திவிட்டோம், மற்ற 23 கடைகளுக்கு அன்றன்று மாலைக்குள் விற்கும் அளவே இறக்குகிறோம் என்பது. இதனால் அடுத்த காலாண்டில் வருமானம் குறையலாம் என்பது நான்காவது. அந்த நான்காவது வாக்கியத்தை எடுத்துவிடலாமா என்று அவர் கேட்டார். அதுதான் இருக்க வேண்டும் என்றேன். மூன்று மாதம் கழித்துக் குறைந்த எண்ணை அனுப்பும்போது, முன்பே சொன்னதை நிறைவேற்றியதாக அது படிக்கப்படும். இல்லாவிட்டால் சரிவு என்று படிக்கப்படும்.

மானியத்துக்குத் தனி வரி கொடுத்தோம்: 7 லட்சம், வங்கியில் முடக்கம், கையிருப்பில் சேர்க்கவில்லை. கணக்கு முறை மாற்றத்துக்கு ஒரு வரி. கடைசியில் கேட்கவேண்டியது. உறவினரின் வரைவில் உங்கள் தொடர்ந்த ஆதரவை வேண்டுகிறோம் என்று இருந்தது. அதற்கு யாரும் பதில் எழுத முடியாது. அதை எடுத்துவிட்டு இரண்டு குறிப்பான கோரிக்கைகள் வைத்தோம். பால், தயிர் விநியோகம் செய்த அனுபவமுள்ள ஒருவரை அறிமுகம் செய்ய வேண்டும். இன்னும் 15 லட்சம் போடுவது பற்றிப் பேச, ஆகஸ்ட் முடிவதற்குள் அரை மணி நேரம் ஒதுக்க வேண்டும்.

கடிதம் போன மறுநாளே மூன்று பதில்கள் வந்தன. ஒருவர் எம்.ஆர்.பி. கணக்கு பற்றிக் கோபமாகவே கேட்டார். பழைய, புதிய எண்கள் இரண்டையும் பக்கத்தில் வைத்து மீண்டும் அனுப்பினார் நிறுவனர், அதோடு முடிந்தது. சிங்கப்பூர்க்காரர் 64 கடைகளின் பட்டியலைக் கேட்டு வாங்கி, கடைவாரியாக ரிட்டர்ன் விகிதத்தை வாரம் ஒருமுறை பார்க்க ஒரு எளிய தாளைத் தாமே செய்துகொடுத்தார். மூன்றாமவர் பால் விநியோகத்தில் பல வருடம் இருந்த ஒருவரின் தொடர்பைத் தந்தார்.

ஜூலை முதல் செப்டம்பர் வரை 88,000 பாக்கெட் கிளம்பியது, 5,280 திரும்பியது, ரிட்டர்ன் 6%. வெயில் தணிந்ததும் இதற்கு உதவியது, எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியாது என்பதையும் அடுத்த கடிதத்தில் எழுதினோம். வருமானம் 39 லட்சத்து 71 ஆயிரம், முந்தையதைவிட 4% குறைவு. மொத்த லாபம் 14 லட்சத்து 19 ஆயிரம், கிட்டத்தட்ட 1 லட்சத்து 90 ஆயிரம் கூடுதல். பழைய கடைப் பாக்கியும் ஓரளவு வசூலானதில் வங்கியில் 11.9 லட்சம் நின்றது. அந்த வேகத்தில் நான்கு மாதம் தாண்டும்.

15 லட்சம் இன்னும் வரவில்லை. ஐந்து பேரில் இருவர் அக்டோபர் கணக்கைப் பார்த்துவிட்டு நவம்பரில் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்கள். இரண்டாவது கடிதத்தில் அதையும் அப்படியே எழுதினார், இந்த முறை தாமே ஆங்கிலத்தில். எனக்கு வந்தது எண்களை ஒருமுறை சரிபார்க்கச் சொல்லித்தான்.